காரணம் கடைசியில்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைக்கவில்லை.

இப்படி எடுத்த எடுப்பில் விஷயத்தைப் போட்டு உடைப்பது என் சுபாவம் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமென்றால்கூட வெளியே என்ன வெயில் என்பதில் ஆரம்பிப்பேன். "தலையைச் சுத்தி மூக்கைத் தொடறதுல உன்னை அடிச்சுக்க ஆளே இல்லடி" என்பாள் என் அம்மா. சிரித்துக்கொண்டு போய்விடுவேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

நான் மென்பொருள் எழுதுகிறவள். செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் இணையதளத்தை எங்கள் அலுவலகம்தான் பார்த்துக்கொள்கிறது. பிள்ளைகள் படிவத்தை நிரப்பி அழுத்தினால் எங்கள் நிரல் அதை வாங்கிச் சான்றிதழ் சரிபார்ப்பகத்துக்கு அனுப்பும். அவர்கள் தனி அலுவலகம், தனி ஊர், தனி ராஜ்ஜியம். அவர்கள் சரி என்றால் விண்ணப்பம் உள்ளே போகும். இல்லை என்றால் காரணத்தோடு திருப்புவார்கள். அப்போது படிவம் போட்டவருக்குத் திரையில் தெரிவது ஒரே ஒரு வாசகம்: 'விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. சரிபார்த்து மீண்டும் முயலவும்.' எதைச் சரிபார்க்க வேண்டும் என்று அது சொல்லாது. அந்த வாசகத்தை எழுதிய மகராசி நான்தான்.

ஐந்து தடவை திருப்பப்பட்டால் அந்தக் கணக்கு ஒரு நாளைக்குப் பூட்டிக்கொள்ளும். யாரோ விளையாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்று வைத்த விதி.

அன்று கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு சரிபார்ப்பகம் கதவைச் சாத்திவிடும். காலை பதினொன்றுக்கு, கீழ்த்தளத்து உதவி மையத்தில் இருக்கிற அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"கொஞ்சம் இறங்கி வாயேன். ஒருத்தர் மகளோட வந்து நிக்கிறார். ரெண்டு தடவை திருப்பிடுச்சாம். எனக்கு ஒண்ணும் புரியல."

போனேன். அவர் தச்சர். சட்டைப் பையில் பட்டையாகச் சீவிய பென்சில், கைமுட்டியில் மரத்தூள். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். மகள் படிவத்தின் அச்சுப்பிரதியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. பள்ளி முடித்த கையோடு சேர்ந்திருக்க வேண்டியவள். அம்மா படுக்கையில் விழுந்ததில் மூன்று வருடம் போய்விட்டது.

"அம்மாவை நல்லாப் பாத்துக்கிட்டா மேடம். ஊசி போடக்கூடக் கத்துக்கிட்டா. இப்ப அவ அம்மா எழுந்து நடமாடறா. அதான் இவளுக்கு இதுலயே ஆசை வந்துடுச்சு" என்றார் தச்சர்.

"அடுத்த வருஷம் போட முடியாதுக்கா" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள்.

அங்கேயே கணினியைத் திறந்து லாக்கைப் பார்த்தேன். லாக் என்றால் வேறொன்றுமில்லை, நிரல் தான் செய்வதையெல்லாம் வரிவரியாக எழுதி வைக்கிற குறிப்பேடு. விண்ணப்பம் ஒரு தடவை திரும்பினால் ஒரு திருப்பம், ஒரு திருப்பத்துக்கு ஒரு வரி. அன்று காலையிலிருந்து திருப்பப்பட்டவற்றில் காரணம் என்ற சொல்லைத் தேடினேன். பதினேழு வரி வந்தது. பதினேழிலும் ஒரே காரணம்: தேர்வு எண் தவறு.

அவளுடைய வரி அந்தப் பதினேழில் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பதினேழு பேர் ஒரே தப்பைச் செய்தால் பதினெட்டாவது ஆளும் அதைத்தானே செய்திருப்பார் என்று நினைத்துவிட்டேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

"தேர்வு எண்ணைத் திரும்ப அடிச்சுப் பாருங்க" என்றேன். அவள் ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்து அடித்தாள். திருப்பிவிட்டது. மூன்று.

"முன்னாடி ஒரு பூஜ்யம் இருக்கா? அதைச் சேர்த்து அடிங்க." திருப்பிவிட்டது. நான்கு.

இன்னும் ஒரே ஒரு தடவைதான் மிச்சம்.

"இனிமே தொடாதீங்க. நான் மேல போய்ப் பாத்துட்டுக் கூப்பிடறேன். காரணம் தெரியாம அழுத்தவே அழுத்தாதீங்க" என்றேன்.

"நீங்க சொன்னா சரி மேடம்" என்றார் தச்சர். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கணினிக் கடையில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டு என் எண்ணை வாங்கிக்கொண்டார். பென்சிலால் உள்ளங்கையில் எழுத, அது பதியவில்லை. மகள் போனில் ஏற்றிக்கொண்டாள்.

மேலே வந்து அவளுடைய விண்ணப்ப எண்ணைப் போட்டுத் தேடினேன். நான்கு வரியும் இருந்தது. நான்கிலும் காரணம் இல்லை. பெயர், பிறந்த தேதி, முகவரி, பள்ளி, அம்மாவின் வேலை, அப்பாவின் வேலை என்று வரி நீண்டுகொண்டே போய், நடுவழியில் நின்றது. கடைசியில் ஒரு கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி.

நிரல்தான் எழுதும்போதே செத்து விழுகிறது என்று முதலில் நினைத்தேன். ஒரு மணி நேரம் அந்தப் பேயைத் துரத்தினேன். நிரல் குண்டுக்கல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு இதே மாதிரி அரைகுறையாக நிற்கிற வரி எத்தனை பேருக்கு விழுந்திருக்கிறது என்று தேடினேன். நாற்பத்தொன்று. ஒன்று முகவரியில் நின்றது, ஒன்று அண்ணன் படிப்பில் நின்றது. நின்ற இடம்தான் வேறு வேறு. நீளத்தை அளந்து பார்த்தேன்.

எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பைட். அடுத்த வரியும் அதே. எல்லாமே அதே, ஒரு பைட்கூட முன்பின் இல்லை.

மனிதர்கள் போட்ட நாற்பத்தொரு விண்ணப்பங்கள் தானாக ஒரே நீளத்துக்கு வராது. எங்கோ ஒருவன் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிறான்.

அந்த ஒருவன் யாரென்று எனக்குத் தெரியும். சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன், மூன்றாவது மேசை. சர்வர் வட்டில் இடம் இல்லை, இடம் இல்லை என்று எதையாவது நறுக்கிக்கொண்டே இருப்பதால் அவனுக்குப் பெயரே கத்தரி. போய் நின்றேன்.

"லாக் வரியை நீ வெட்டறியா?"

"நான் எங்க தாயே வெட்டறேன்? லாக்கை அனுப்பற கருவியிலயே ஒரு வரிக்கு எட்டாயிரத்து நூத்திச் சொச்சம்தான் அளவு. அது பிறவியிலயே அப்படித்தான் வரும். இத்தனை வருஷம் யாரும் அதைத் தாண்டினதே இல்லையே!"

அவன் சொன்னது வாஸ்தவம். இத்தனை வருடம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் நிரப்பினார்கள். முழு விண்ணப்பமும் மூவாயிரம் பைட்டுக்குள் அடங்கிவிடும். இந்த வருடம்தான் நம் எழுத்திலும் நிரப்பலாம் என்று திறந்துவிட்டோம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். நம் எழுத்துக்கு மூன்று. அதுவும் 'க்' என்று எழுதினால் ககரத்துக்கு மூன்று, தலையில் இருக்கும் புள்ளிக்குத் தனியாக மூன்று. நாம் ஒரு எழுத்து என்கிறோம், கணினிக்கு அது ஆறு. மூவாயிரம் ஒன்பதாயிரமாகிவிட்டது. அளவு தாண்டியதும் கருவி நறுக்கென்று வெட்டிவிட்டது. ஓர் எழுத்தின் மூன்று பைட்டுக்கு நடுவில் வெட்டு விழுந்த இடத்தில்தான் அந்தக் கறுப்புக் கேள்விக்குறி. தாய்மொழியில் நிரப்ப விட வேண்டும் என்று கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசியவள் யார் என்று கேட்காதீர்கள்.

ஆனால் வெட்டினால் வெட்டட்டும், அம்மாவின் வேலை எதற்கு எனக்கு? காரணம் இருந்தால் போதுமே. அங்கேதான் என் கைவண்ணம். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த வரியை நான் எழுதியிருந்த விதம் இது: இன்ன நேரத்தில், இன்ன எண்ணில், இன்னார் அனுப்பிய, இத்தனை விவரமும் கொண்ட விண்ணப்பம், சரிபார்ப்பகத்தால், இன்ன காரணத்தால், திருப்பப்பட்டது. நாம் பேசுகிற வரிசை. நம் பேச்சில் வந்தானா வரவில்லையா என்பதே கடைசியில்தான் தெரியும். அதுவரை எதிராளி காத்திருப்பார். கருவி காத்திருக்கவில்லை.

காலையில் கண்ணில் பட்ட பதினேழு பேரும் ஆங்கிலத்தில் நிரப்பியவர்கள். அவர்கள் வரி குட்டை, அதனால் காரணம் தெரிந்தது. அதை வைத்து நான் இவளுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

மணி ஒன்றரை. "வெட்டின மிச்சம் எங்க இருக்கு? அதை எடு" என்றேன் கத்தரியிடம்.

"எங்கயும் இல்ல."

"எங்கயும் இல்லன்னா?"

"உன் நிரல் வட்டுல எழுதறதில்ல, நேரா இந்தக் கருவி காதுல சொல்லுது. கருவி கேட்டதை வெட்டி அனுப்புது. வெட்டினது காத்தோட போச்சு. நகத்தை வெட்டினா எடுத்தா வச்சிருப்பாங்க?"

அவனை அறைந்திருப்பேன். ஆனால் அவன் தப்பு எதுவும் இல்லை.

சரிபார்ப்பகத்துக்குப் போன் போட்டேன். நான்கு பேர் கைமாறி ஒருவர் பேசினார். நாற்பத்தொரு விண்ணப்பம் திரும்பியிருக்கிறது, காரணம் என்னவென்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கெஞ்சினேன்.

"காரணத்தை உங்களுக்கு அனுப்பியிருக்கோமே."

"எங்க பக்கம் லாக்ல வெட்டுப்பட்டுடுச்சு சார். உங்க பக்கம் இருக்குமே..."

"திருப்பினதை நாங்க வச்சுக்கறதில்லை மேடம். காரணத்தோட பதில் அனுப்பறதோட எங்க வேலை முடிஞ்சுது. உங்க லாக்ல நல்லாப் பாருங்க."

வைத்துவிட்டார். உங்க லாக்ல பாருங்க! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியே நான்தான்.

சோதனைச் சர்வரில் அவள் விண்ணப்பத்தை அப்படியே போட்டுப் பார்த்தேன். அங்கே சரிபார்ப்பகத்துக்குப் பதிலாக நாங்கள் வைத்திருப்பது ஒரு பொம்மை. எதைக் கொடுத்தாலும் சரி, சரி என்று தலையாட்டும். ஆட்டியது.

கத்தரி பாவம், சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்தான். அனுப்பும் கருவியைத் தொட அனுமதி வேண்டும் என்பதால், முதலில் லாக் வரிகள் போய்ச் சேரும் களஞ்சியத்தில் வரியின் அளவை எட்டு மடங்காக்கினான். புதிதாக ஒரு திருப்பம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். மறுபடியும் அதே நீளம், அதே கேள்விக்குறி.

"நடுவுல சேகரிக்கிற கருவி ஒண்ணு இருக்கு" என்று அதையும் மாற்றினான். மறுபடியும் அதே.

"அனுப்பற கருவியிலதான் வெட்டு விழுது. மூணு இடத்துலயும் மாத்தினாத்தான் பேசும். எது சின்ன வாயோ அதுதான் அளவு" என்றான். அந்த மூன்றாவது கருவி நிரல் ஓடும் சர்வரிலேயே இருக்கிறது. அதை மாற்றினால் மறுதொடக்கம் செய்ய வேண்டும். எட்டுச் சர்வர்கள், கடைசி நாள், ஆயிரக்கணக்கான பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள். அதற்கு அவனுக்கு அதிகாரம் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அளவை எதற்குக் கூட்ட வேண்டும்? வரிசையை மாற்றினால் போதும். காரணத்தை முன்னால் போட்டுவிட்டு, விண்ணப்பத்தைப் பின்னால் தள்ளிவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும். நிரலில் ஒரே ஒரு வரி. இரண்டு சொற்களை இடம் மாற்றினால் தீர்ந்தது. புது நிரலை ஒரே ஒரு சர்வரில் ஏற்றினாலும் எட்டில் ஒரு திருப்பம் அங்கே வந்து விழும்.

மேலாளரிடம் போனேன். நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் 'பாக்கலாம்' என்பார், அதனால் பாக்கலாம் சார். திருமண அழைப்பிதழைக் கொடுத்தபோதும் எனக்கு அதையேதான் சொன்னார்.

"சார், ஒரு வரி மாத்தணும். லாக் வரி மட்டும். வேற எதையும் தொடல."

"கடைசி நாள்ல யாரும் நிரல்ல கை வைக்கக் கூடாதுன்னு நீதானேம்மா விதிமுறை எழுதினே?"

எழுதினேன். அதையும் நான்தான் எழுதினேன். மூன்று பேர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றும் எழுதியிருந்தேன்.

"நாப்பத்தொரு பேர் சார். ஒரு பொண்ணுக்கு வயசு வரம்பு முடியுது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பாக்கலாம்" என்றார். ஆனால் இந்தத் தடவை எழுந்து நடந்தார். ஒரு கையெழுத்து கூட்டத்தில் இருந்தது, இன்னொன்று பல் மருத்துவரிடம் இருந்தது. அவர் வாசல் வாசலாக நின்றதைக் கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். இடையில் தச்சர் இரண்டு தடவை கூப்பிட்டார்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதா மேடம்?"

"இன்னும் இல்லைங்க. தொடாம இருங்க."

"தொடல மேடம். எலிக்குட்டியைக்கூட நகத்தி வச்சிட்டோம்." மவுஸைச் சொன்னார்.

இரண்டாம் தடவை, "கடைக்காரர் அஞ்சு மணிக்குள்ள முடிஞ்சுடுமான்னு கேக்கறார். முடிஞ்சுடும்ல மேடம்?" என்றார்.

"முடிச்சுடலாம்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நான்கு இருபதுக்கு மூன்றாவது கையெழுத்து வந்தது. நிரலைக் கட்டி, ஓட்டிப் பார்த்து, ஏற்ற நான்கு நாற்பத்தொன்பது. அப்புறம் காத்திருந்தோம். யாராவது ஒருவர் நம் எழுத்தில் போட்டுத் திருப்பப்பட வேண்டும். ஒரு பிள்ளை தோற்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இந்த வயதில்.

நான்கு ஐம்பத்து மூன்றுக்கு வந்தது. வரியின் முதல் சொல்லே காரணம்: பெயர் 133 பைட், அளவு 120.

பெயர்! சரிபார்ப்பகத்தில் பெயருக்கு ஒதுக்கிய இடம் நூற்றிருபது பைட். ஆங்கிலத்தில் நூற்றிருபது எழுத்து, யாருக்கும் அவ்வளவு நீளப் பெயர் கிடையாது. நம் எழுத்தில் புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணி நாற்பது. அவள் விண்ணப்பத்தை எடுத்து எண்ணினேன். நூற்று நாற்பத்தொன்று. அவள் பெயர் மூன்றெழுத்துதான், பதினைந்து பைட். மீதியெல்லாம் அப்பா பெயர். மூன்று சொல்லில் நீண்டுகிடந்தது. அவர்கள் ஒப்பிடுவது தேர்வு எண்ணைத்தான், பெயர் சும்மா பதிவுக்கு. அப்பா பெயரை எடுத்துவிட்டு இனிஷியல் போட்டால் பத்தொன்பது பைட். வேலை முடிந்தது. அரை நிமிடம்கூட ஆகாது.

தச்சரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்தார், மகள் மூச்சு விடுவது கேட்டது. எனக்குச் சந்தோஷத்தில் வாய் குழறியது.

"கிடைச்சிடுச்சு ஐயா! உங்க மேல தப்பே இல்ல, எண் எல்லாம் சரியாத்தான் இருக்கு. என்ன ஆச்சுன்னா, அவங்க பக்கம் பேருக்கு ஒரு அளவு வச்சிருக்காங்க. நம்ம எழுத்து ஒவ்வொண்ணும் மூணா எண்ணிடும். புள்ளி வச்சா இன்னும் மூணு. உங்க பொண்ணு பேரு பெருசாப் போனதால திருப்பியிருக்கு. அதனால இப்ப பேர் இருக்கிற இடத்துக்குப் போய், அதுல வந்து அப்பா..."

தொடர்பு அறுந்தது.

திரும்பக் கூப்பிட்டேன். வேறொரு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. அவர் என்னைக் கூப்பிடுகிறார், நான் அவரைக் கூப்பிடுகிறேன். வைத்தேன். அவரும் வைத்திருப்பார். எடுத்தேன். அவரும் எடுத்திருப்பார். குறுஞ்செய்தி அடித்தேன்: 'அப்பா பெயருக்கு இனிஷியல் மட்டும் போடவும்.' ஐந்து சொல், நான்கு ஐம்பத்தேழு. போய்ச் சேர்ந்ததற்கான இரண்டாவது கோடு விழவே இல்லை.

"வருது" என்றான் கத்தரி.

திரையைப் பார்த்தேன். அவளுடைய விண்ணப்ப எண். எட்டில் ஒரு சர்வருக்குத்தான் புது நிரல், அந்த ஒன்றில் வந்து விழுந்திருந்தது. வரி துல்லியமாக, முதல் சொல்லிலிருந்து முழுசாகத் தெரிந்தது. காரணம்: பெயர் 129 பைட், அளவு 120. திருப்பங்கள்: ஐந்து. கணக்கு பூட்டப்பட்டது.

நூற்று நாற்பத்தொன்று எப்படி நூற்று இருபத்தொன்பது ஆனது என்று எண்ணிப் பார்த்தேன். அந்தப் பெண் கேட்டவரைக்கும் நன்றாகவே கேட்டிருக்கிறாள். பேர் பெரிது, சின்னதாக்க வேண்டும். ஆனால் அந்தக் கட்டத்தின் கீழே சிவப்பில் ஒரு வாசகம் உண்டு: 'தந்தை பெயரை முதலெழுத்தாகச் சுருக்கக் கூடாது.' அப்பா பெயரில் கை வைக்கக் கூடாது என்று படிவம் சொல்கிறது. அதனால் தன் பெயரைச் சுருக்கிவிட்டாள். மூன்றெழுத்துப் பெயரை ஓரெழுத்தாக்கிவிட்டு, அப்பாவின் மூன்று சொற்களையும் புள்ளி குறையாமல் வைத்திருக்கிறாள்.

அந்தச் சிவப்பு வாசகமும் நான் எழுதியதுதான்.

பூட்டைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை, வழி மட்டும் தெரியும். திறந்தேன், நான்கு ஐம்பத்தொன்பதுக்கு. போன் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஐந்து. சரிபார்ப்பகத்தின் பக்கம் கதவு சாத்திய வாசகம் வந்தது. கத்தரி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

நாற்பத்தொரு பேருக்கும் ஒரு நாள் அவகாசம் கேட்டு எழுதினோம். விதியில் இடமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலில் காரணம் முதலில் இருந்தது.

அடுத்த வாரம் எல்லாவற்றையும் மாற்றினேன், வெறி பிடித்தவள் மாதிரி. காரணம் எப்போதும் வரியின் தலையில். விண்ணப்பம் லாக்கிலேயே கிடையாது, அது தனியாகச் சேமிக்கப்படும், வரியில் அதன் எண் மட்டும். யார் வீட்டு விவரமும் குறிப்பேட்டில் கிடக்க வேண்டியதில்லை. எதையாவது நிரலே வெட்டினால் எழுத்து உடையாமல் வெட்டி, 'வெட்டப்பட்டது, முழு நீளம் இவ்வளவு' என்று எழுதிவிடும். மூன்று கருவிக்கும் ஒரே அளவு. எந்த வரியாவது அளவை எட்டி நின்றால் கத்தரியின் போன் அலறும். சோதனைக்கு இனிமேல் நம் எழுத்திலேயே நீளமான பெயர்கள். காரணம் படிவம் போட்டவருக்கும் திரையில் தெரியும். சிவப்பு வாசகத்தை எடுத்துவிட்டேன். கூட்டத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

ஒன்று மட்டும் பாக்கி. அன்று ஐந்து மணி தாண்டி இரண்டு நிமிடத்தில் என் போன் அடித்தது. தச்சர். தன் போனில் சிக்னல் கிடைக்காமல் கடைக்காரருடைய போனிலிருந்து பேசினார். குரலில் கோபமே இல்லை.

"சுருக்கிட்டா மேடம். உடனே அழுத்திட்டா. நேரம் ஆகுதுன்னு நான்தான் அவசரப்படுத்தினேன். ஆனா திரும்பவும் அதே மாதிரி என்னமோ வருது. அவ அழறா. பரவால்லம்மா, நீங்க காலையிலேந்து எவ்வளவோ செஞ்சீங்க. கடைசியா அப்பான்னு என்னமோ சொல்ல வந்தீங்களே, லைன் கட்டாயிடுச்சு. அது என்னம்மா?"

"ஐயா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.